60,000 போட்டவனுக்கு 1,20,000 ஏன் போனது?

கேள்வி: ஈரோடு பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். ஒரே மகன், வயது 25, பெங்களூரில் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வந்தவன் முகமே சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தான். பிட்காயின் 1,21,000 டாலர் இருந்தபோது, ஏறும் என்று ஃபியூச்சர்ஸில் 20 மடங்கு லெவரேஜ் வைத்து 60,000 ரூபாய் போட்டானாம். அக்டோபர் 11 விடியற்காலை தூங்கிக்கொண்டிருக்கும்போது லிக்விடேட் ஆகிவிட்டதாம். அந்த 60,000 மட்டும் போகவில்லை, அதையும் சேர்த்துக் கணக்கில் கிடந்த மொத்தம் 1,20,000 ரூபாயும் போய்விட்டது. அது ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. "காலைல விலை திரும்ப ஏறிடுச்சுப்பா, நான் நினைச்சது தப்பில்லை" என்கிறான். நேரில் பேசினால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாக ஒரு வரி வரவில்லை. என்ன எழுதுவது?

பதில்: ஐயா, பணம் ஏன் போனது என்று உங்கள் மகனுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, கடிதத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் சென்னையில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் பதினொரு வருடம் ஆர்எம்எஸ் என்ற இடர் மேலாண்மைப் பிரிவில் இருந்தேன். வாடிக்கையாளரின் கணக்கில் மார்ஜின் என்ற பிணைத்தொகை குறைந்தால் போன் செய்து பணம் கட்டச் சொல்வதும், கட்டாவிட்டால் அவர் வாங்கி வைத்திருக்கும் பொசிஷனை நாங்களே விற்று முடிப்பதும் அந்தப் பிரிவின் வேலை. காரணம் தெரியாமல் பணத்தை இழந்தவர் அதை நேரம் சரியில்லை என்று எடுத்துக்கொள்வார். நேரம் மாறும் என்று நினைப்பவர் மறுபடி வருவார். அதனால் முதலில் கணக்கை நீங்கள் புரிந்துகொள்ளுங்கள். கடிதத்தை அப்புறம் பார்ப்போம்.

உங்களுக்கு நகைக்கடன் தெரிந்திருக்கும். நகையின் மதிப்பில் ஒரு பங்கைத்தான் கடனாகத் தருவார்கள். தங்கம் விலை இறங்கினால் மீதிப் பங்கு சுருங்கும். அது ரொம்பச் சுருங்கிவிட்டால் நோட்டீஸ் வரும், பிறகு ஏலம். நகை மூழ்கிப்போச்சு என்று சொல்வோமே, லிக்விடேஷன் என்பது அதுதான். உங்கள் மகன் கொடுத்தது 60,000. 20 மடங்கு என்றால் அவன் எடுத்த பொசிஷன் 12,00,000 ரூபாய். பிட்காயின் எதுவும் அவன் கைக்கு வரவில்லை. 12 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் விலை ஏறி இறங்குவதில் என்ன லாப நஷ்டம் வருமோ, அது அவனைச் சேரும் என்பது மட்டும்தான் ஒப்பந்தம். விலை 1 சதவீதம் இறங்கினால் 12,000 ரூபாய் நஷ்டம். 5 சதவீதம் இறங்கினால் 60,000-ம் காலி.

நகைக்கடனுக்கும் இதற்கும் இரண்டு பெரிய வித்தியாசம் உண்டு. நகைக்கு நோட்டீஸ் வந்து, தவணை கொடுத்து, மாதக்கணக்கில் ஆகும். இங்கே எல்லாம் நொடிக்கணக்கு, ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் உட்பட. நகை ஏலத்தில் கடன், வட்டி போக மிஞ்சினால் திரும்ப வரும். இங்கே மிஞ்சுவதற்கும் வழி கிடையாது. பணம் முழுதாகக் கரையும்வரை வர்த்தகம் நடத்தும் தளம் காத்திருக்காது. பொசிஷனின் மதிப்பில் அரை சதவீதம் போல மிச்சம் இருக்கும்போதே மூடிவிடும். இந்த அளவு தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறும். அந்த மிச்சமும் பெரும்பாலும் லிக்விடேஷன் கட்டணமாகத் தளத்தின் காப்பீட்டு நிதிக்குப் போய்விடும்.

சரி, 60,000 ஏன் 1,20,000 ஆனது? உங்கள் மகன் பயன்படுத்திய செயலியில் ஆர்டர் போடும் இடத்துக்கு மேலே ஒரு சின்னப் பொத்தான் இருந்திருக்கும். அதில் Cross அல்லது Isolated என்று போட்டிருக்கும். Isolated என்றால் அந்த ஒரு வர்த்தகத்துக்கு ஒதுக்கிய 60,000 மட்டும்தான் பணயம். Cross என்றால் ஃபியூச்சர்ஸ் வாலட்டில் இருக்கும் மொத்தப் பணமும் பணயம். பல தளங்களில் முதலிலேயே Cross-ல்தான் இருக்கும். புதிதாக வருபவர் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் சொல்லும் எண்களை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் இருந்தது Cross-ல்தான். இன்னொரு நகையை லாக்கரில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் இரண்டுக்கும் சேர்த்தே அடகுச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

இதில் அவன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. Cross-ல் இருக்கும்போது திரையில் தெரியும் 20 என்ற எண் ஆபத்தின் அளவு இல்லை. எவ்வளவு பணத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும். உண்மையான லெவரேஜ் தெரிய வேண்டுமென்றால் பொசிஷனை வாலட் பணத்தால் வகுக்க வேண்டும். 12,00,000-ஐ 1,20,000-ஆல் வகுத்தால் 10. அவன் 20 மடங்கில் ஆடியதாக நினைத்தான், நிஜத்தில் 10 மடங்கு. இதைக் கேட்டால் ஆறுதலாகத் தோன்றும். ஆனால் நடந்தது என்ன? Isolated-ல் இருந்திருந்தால் சுமார் நாலரை சதவீத இறக்கத்தில், அதாவது 1,15,500 டாலர் வாக்கில், 60,000-ஐ இழந்து வெளியே வந்திருப்பான். Cross-ல் இருந்ததால் ஒன்பதரை சதவீதம் வரை, ஏறக்குறைய 1,09,500 டாலர் வரை தாக்குப்பிடித்தது. அதுவரை அவன் தூங்கத் தூங்க மீதி 60,000-மும் உருகிக்கொண்டிருந்தது. 12 லட்சத்துக்கு ஒன்பதரை சதவீதம் 1,14,000 ரூபாய். மிஞ்சிய 6,000 கட்டணமாகப் போனது. கணக்கு பூஜ்யம். இடையில் கட்டிய சில்லறைக் கட்டணங்களை நான் சேர்க்கவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தன்னை மட்டும் குறிவைத்து அடித்ததாக அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். 2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, அமெரிக்க நேரம் மாலையில், சீனப் பொருட்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தார். நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை இரண்டரை மணியை ஒட்டிய நேரம். அமெரிக்கப் பங்குச் சந்தை அப்போது மூடியிருந்தது, கிரிப்டோ சந்தை மூடுவதே இல்லை. விலை இறங்க, லெவரேஜில் வாங்கியவர்களின் பொசிஷன்களைத் தளங்கள் தாமாகவே விற்றன. அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கியது, அது அடுத்த வரிசையில் இருந்தவர்களை மூழ்கடித்தது. சீட்டுக்கட்டைச் சரித்த மாதிரி. பிட்காயின் 1,05,000 டாலர் வாக்கில் போய்த்தான் நின்றது. சில சின்ன நாணயங்கள் நிமிடங்களில் பாதி விலைக்கும் கீழே போயின. ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கும் மேற்பட்ட பொசிஷன்கள் இப்படி மூடப்பட்டன. கிரிப்டோ வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய லிக்விடேஷன் நடந்ததில்லை. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் மாட்டின. உங்கள் மகனுடையது அவற்றில் ஒன்று.

"காலைல விலை திரும்ப ஏறிடுச்சு" என்று அவன் சொல்வது உண்மைதான். சனிக்கிழமை காலையில் 1,12,000 டாலரை ஒட்டி வந்துவிட்டது. நான் அதிகம் பயப்படுவது இந்த வாக்கியத்துக்குத்தான். இதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. நான் சொன்ன திசை சரி, மடங்குதான் கொஞ்சம் கூடிவிட்டது, அடுத்த முறை 5 மடங்கில் போட்டால் தப்பிக்கலாம் என்ற முடிவு. இதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாலட்டில் இருந்த மொத்தத்துக்கும் 5 மடங்கு என்றால் லிக்விடேஷன் விலை 97,400 டாலர் வாக்கில் வரும். அந்த ராத்திரி தப்பித்திருப்பான், நிச்சயமாக. ஆனால் நவம்பர் மூன்றாம் வாரத்தில் பிட்காயின் 85,000-க்கும் கீழே போனது. ராத்திரி தூக்கத்தில் போகாமல், ஐந்து வாரம் தினமும் போனைப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கும். இன்னும் பணம் கட்டினால் காப்பாற்றிவிடலாம் என்று நடுவில் நாலு தடவை தோன்றியும் இருக்கும்.

தளத்துக்குப் பாக்கி வைத்து யாராவது வீட்டு வாசலுக்கு வருவார்களா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த நிலையில் கேட்காத அப்பா இல்லை. இந்த வகை கிரிப்டோ ஃபியூச்சர்ஸில் நஷ்டம் பொதுவாக வாலட்டோடு நின்றுவிடும். பங்கு, கமாடிட்டி ஃபியூச்சர்ஸில் அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 20 அன்று கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது எம்சிஎக்ஸ் என்ற நம் கமாடிட்டி சந்தையில் அதன் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று முடிந்தது. கட்டிய மார்ஜினுக்கு மேல் பல மடங்கு பாக்கி வைத்தவர்கள் உண்டு. அவன் எந்தச் சந்தையில் என்ன செய்தான் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிட்காயின் மட்டும்தான் என்றால் தளத்துக்குக் கடன் இல்லை. ஆனால் அந்த 1,20,000 எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. சம்பளத்தில் சேர்த்ததா, கிரெடிட் கார்டா, கடன் செயலியா, கூட இருக்கும் நண்பனிடம் வாங்கியதா? இதற்குப் பதில் தெரியாமல் நீங்கள் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். 2020 மார்ச் 23, நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்த நாள். காலையில் சந்தை திறந்தவுடனேயே ஒரு வாடிக்கையாளரின் பொசிஷனை நான்தான் மூடினேன். நஷ்டம் 80,000 சொச்சம். சற்று நேரத்தில் இறக்கம் 10 சதவீதத்தைத் தொட்டு, விதிப்படி வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். அந்த 45 நிமிடத்தில் அவர் எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இப்ப இரண்டு லட்சம் போட்டா, திறந்ததும் வாங்க முடியுமா?" குரலில் பதற்றமே இல்லை, ஏதோ தெளிவு வந்தது போல இருந்தது. பணம் வந்தது, வாங்கினார். சந்தை திறந்து மேலும் இறங்கியது. சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அது என்று பிற்பாடு சொன்னார். முதல் 80,000-ஐ அவர் தாங்கியிருப்பார். அதை மீட்கப் போட்ட பணம்தான் குடும்பத்தைத் தொட்டது. ஆர்எம்எஸ்ஸில் இருந்த பதினொரு வருடமும் பொசிஷன் மூடிய பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: அடுத்த பணம் எப்போது வருகிறது? அதே நாளில் வந்தால் மனசுக்குள் ஒரு மணி அடிக்கும்.

அதனால் இந்தக் கடிதத்தின் வேலை அந்த இரண்டாவது பணத்தைத் தடுப்பது. அறிவுரை சொல்லித் தடுக்க முடியாது. திட்டினால் மறைப்பான். பணத்தைக் கொடுத்தாலும் சரிப்படாது, அவன் கண்ணுக்கு அது புது மார்ஜினாகத் தெரியலாம். கணக்கைக் காட்டுங்கள், உங்கள் பக்கத்தையும் மறைக்காமல் எழுதுங்கள், பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இரண்டு மூன்று கேளுங்கள். 2022-ல் நூல் விலை ஏறியபோது கடனுக்கு மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டு, இறங்கும்போது மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள். நீங்களும் அதில் ஒருவர் என்றால், எவ்வளவு போனது என்ற தொகையோடு அதை எழுதுங்கள். மகன் அந்தப் பத்தியை இரண்டு முறை படிப்பான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் கட்டிச் சொல்ல வேண்டாம், கண்டுபிடித்துவிடுவான்.

உங்களுக்காக ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். வார்த்தைகளை உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

---

கண்ணு,

நேரில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்று எனக்கே பயம். அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குத் தொகை தெரியாது. ஏதோ நஷ்டம் என்று மட்டும் தெரியும். தொகையைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். ஆனால் சொன்னால் அவளுக்குத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன், என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ 60,000 போட்டு 1,20,000 எப்படிப் போனது என்று விசாரித்தேன். உன் செயலியில் Cross என்று வைத்திருந்தாயா என்று பார். அதில் வைத்தால் வாலட்டில் இருப்பது எல்லாமே அந்த ஒரு வர்த்தகத்துக்கு அடமானமாம். நீ தூங்கும்போது உன்னிடம் 12 லட்ச ரூபாய்ச் சரக்கு இருந்திருக்கிறது. 12 லட்ச ரூபாய்க்கு நூல் வாங்கி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மழை வருமா என்று பார்க்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. நீ தூங்கியது உன் தப்பு இல்லை கண்ணு. 12 லட்சம் என்று உனக்குத் தோன்றவே இல்லை, 60,000 என்றுதான் தோன்றியிருக்கிறது. அந்தத் திரை அப்படித்தான் காட்டுகிறது.

நீ சொன்ன திசை சரியா தப்பா என்று நான் வாதாட வரவில்லை, அந்த விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். அதே நாளில், அதே விலையில், லெவரேஜ் இல்லாமல் 60,000 ரூபாய்க்குப் பிட்காயினே வாங்கியிருந்தால், சனிக்கிழமை காலையில் 1,12,000 டாலர் விலைக்கு உனக்கு நஷ்டம் 4,500 ரூபாய்கூட வராது. மீதி 60,000 தொடாமல் இருந்திருக்கும். நீ நினைத்தது சரியா என்று இரண்டு வருடம் கழித்துக்கூடப் பார்த்திருக்கலாம். இப்போது அது சரியாகவே ஆனாலும் உன்னிடம் பிட்காயின் இல்லை.

தறிக்கு ஒரு ஆர்டர் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, பார்ட்டி பணம் தராமல் போனால் எவ்வளவு போகும் என்பதை. லாபத்தை அப்புறம்தான் பார்ப்பேன். உன் விஷயத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு என்று தெரிந்துகொண்டேன். ஒரு வர்த்தகத்தில் அதிகபட்சம் எவ்வளவு போனால் உன் மாதம் கெடாது? 3,000 என்று வைத்துக்கொள். எவ்வளவு இறங்கினால் நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொண்டு வெளியே வருவாய்? 5 சதவீதம் என்று வை. 3,000-ஐ 5 சதவீதத்தால் வகுத்தால் 60,000. அவ்வளவுதான் நீ வாங்கக்கூடியது. அது உன் கையிலேயே இருந்த பணம். கடனே தேவைப்பட்டிருக்காது. நீ வாங்கியது அதைப்போல் 20 மடங்கு. 5 சதவீதம் இறங்கியதும் தானாக விற்கும்படி ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் 12 லட்சத்துக்கு 60,000 போயிருக்கும். அந்த மாதிரி ராத்திரியில் சொன்ன விலையில் விற்காமல் இன்னும் கீழே போய்த்தான் விற்கும் என்றும் சொல்கிறார்கள்.

உன்னிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். போனைக் காட்டு என்று கேட்க மாட்டேன். நீ சொல்வதை நம்புவேன்.

அந்த 1,20,000-ல் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது? கடன் செயலியில் வாங்கியிருந்தால் இந்த வாரமே சொல். அதன் வட்டி நாள் ஆக ஆக ஏறும். அந்தக் கடனை அடைக்க நான் உதவுகிறேன். பணத்தை உன் கையில் தர மாட்டேன், கடன் கொடுத்தவனுக்கு நேராகக் கட்டுவேன். சம்பளத்தில் மாதம் எவ்வளவு எனக்குத் திருப்பித் தர முடியும் என்று நீயே சொல்.

அக்டோபர் 11-க்குப் பிறகு மறுபடி போட்டாயா? போட்டிருந்தால் எத்தனை தடவை, எவ்வளவு? தீபாவளிக்கு நீ ராத்திரியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். வேறு ஏதாவது காரணமாகவும் இருக்கலாம். இருந்தாலும் கேட்கிறேன்.

போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது உன்னிடம் பேசினார்களா? டெலிகிராமில் இப்படி வருவார்களாம். முதலில் கட்டணம் கட்டு, வாலட்டின் ரகசிய வார்த்தைகளைக் கொடு என்பார்களாம். உன் பணத்தை யாரும் திருடவில்லை. நீ ஒத்துக்கொண்ட விதிப்படியே அது போயிருக்கிறது. மீட்டுத் தர யாரிடமும் அது இல்லை.

இனிமேல் செய்யவே கூடாது என்று நான் உன்னிடம் சத்தியம் கேட்கவில்லை. ஃபியூச்சர்ஸ் வாலட்டில் மட்டும் மார்ச் மாதம் முடியும்வரை பணம் போடாதே. அதற்குள் உன் பழைய வர்த்தகம் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுது. எவ்வளவு பொசிஷன், வாலட்டில் எவ்வளவு இருந்தது, எந்த விலையில் மூழ்கும் என்று போடுவதற்கு முன்னால் தெரியுமா தெரியாதா என்பது வரைக்கும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. நானும் என் தறிக் கணக்கு நோட்டை எடுத்து வைக்கிறேன், உட்கார்ந்து பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

---

ஐயா, இதைத் தபாலில் அனுப்புவதா, வாட்ஸ்அப்பில் அனுப்புவதா என்று கேட்டால், கையால் எழுதித் தபாலில் போடுங்கள் என்பேன். வாட்ஸ்அப்பில் வந்தால் அதே போனில், அதே விலைத் திரைக்குப் பக்கத்தில் கிடக்கும்.

மார்ச் வரை என்று நான் போட்டதற்குக் காரணம், போனதை உடனே மீட்கும் வேகம் முதல் சில வாரங்களில்தான் அதிகம் என்று என் வேலையில் பார்த்தது. நிரந்தரமாக விடு என்று கேட்டிருந்தால் சரி என்று சொல்லிவிட்டு மறைத்துச் செய்வான். நாலு மாதம் என்பது அவனால் நிஜமாகவே ஒத்துக்கொள்ளக்கூடிய அளவு.

இரண்டாவது கேள்விக்கு அவன் தரும் பதிலில் கவனமாக இருங்கள். ஒரு தடவை சின்னதாகப் போட்டேன் என்றால் பெரிதுபடுத்த வேண்டாம். தொகை ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போயிருந்தால், ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எல்லாம் போட்டிருந்தால், அல்லது இந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் பதில் எழுதியிருந்தால், பேச்சை அடுத்த நாளுக்குத் தள்ளாமல் பெங்களூருக்கு பஸ் ஏறுங்கள். சாப்பாடும் தூக்கமும் இன்னும் சரியாகவில்லை என்றாலும் அப்படித்தான். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அவன் பேசத் தயங்கினால் முதலில் நீங்கள் பேசி என்ன செய்வது என்று கேளுங்கள்.

பதில் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதற்குள் போன் செய்தால் கடிதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். தறி எப்படி ஓடுகிறது என்று அவனிடம் சொல்லுங்கள். பதிலில் கடன் தொகை இருந்தால், எந்தச் செயலி, எவ்வளவு, என்ன வட்டி என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள். எதை முதலில் அடைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.